சட்டியில் கோழித்தோலும் மீன்தோலும் மொறுமொறுவென்று வர

கேள்வி: தோலோடு இருக்கிற கோழித் தொடை, தோலோடு கொடுவா மீன், எதைச் சட்டியில் போட்டாலும் மேலே கருகுது, உள்ளே ரப்பர் மாதிரி இழுக்குது. தீயைக் கூட்டணுமா, குறைக்கணுமா? மேலே கனமா ஏதாவது வைக்கச் சொல்றாங்களே, அது எதுக்கு? சென்னைல இருக்கேன், இரும்பு வாணலி இருக்கு.

கோழிக்குத் தீயைக் குறையுங்கள். மீனுக்கு முதலில் கூட்டிவிட்டு உடனே குறையுங்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று புரிந்துவிட்டால் அளவு, நேரம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதனால் கோழியை முழுவதும் சொல்லிவிட்டு மீனுக்கு வருகிறேன்.

முறுக்கு சுடும்போது என்ன செய்கிறோம்? எண்ணெயில் போட்டதும் சலசலவென்று பொங்கும். அந்தச் சத்தம் அடங்கியதும் எடுக்கிறோம். சலசலப்பு என்பது மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வருவது. அது நின்றால் தண்ணீர் தீர்ந்தது, முறுக்கு மொறுமொறுப்பாகிவிட்டது என்று பொருள். கோழித்தோலும் இதே கணக்குதான். பச்சைக் கோழித்தோலின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. மிச்சம் பெரும்பாலும் கொலாஜன் என்கிற புரதம். தண்ணீர் போக வேண்டும், கொழுப்பு உருகி வெளியே ஓட வேண்டும், மிஞ்சும் புரதம் காய்ந்து மெல்லிய அப்பளம் போல் நிற்க வேண்டும். இந்த மூன்றும் நடக்கக் கால் மணி நேரமாவது ஆகும்.

தீ அதிகமாக இருந்தால் சட்டியைத் தொடும் மேல்பரப்பு மட்டும் 4 நிமிடத்தில் காய்ந்து சிவந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் கொழுப்பும் நீரும் அப்படியே நிற்கும். உங்கள் தோல் கருகியும் இழுக்கிறது என்றால் நடந்தது இதுதான். அடுத்த முறை சந்தேகம் வந்தால் தோலின் ஓரத்தைக் கத்தியால் சிறிது வெட்டிப் பாருங்கள். பழுப்பு நிறத்துக்கும் இறைச்சிக்கும் நடுவே வெள்ளையாக, வழவழப்பாக ஒரு பட்டை தெரிந்தால் அது உருகாத கொழுப்பு. தீ கூடிவிட்டது, நேரம் போதவில்லை. பட்டை இல்லாமல் தோல் வெளிறி, தொய்வாக இருந்தால் ஈரம் மிஞ்சியிருக்கிறது, அல்லது தோல் சட்டியைச் சரியாகத் தொடவே இல்லை.

ஈரத்திலிருந்து தொடங்குவோம். சென்னையில் அது கறிக்கடையிலேயே ஆரம்பிக்கிறது. இங்கே பல கடைகளில் "ஸ்கின் அவுட்" என்றால் இறகோடு தோலை உரித்துவிடுவார்கள். தோலோடு வேண்டும் என்றால் கோழியை வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கும் மிஷினில் போட்டு, கழுவித் தருவார்கள். ஆக, தோலோடு வரும் கோழி எப்போதும் தண்ணீரில் ஊறித்தான் வருகிறது. அதைக் குறை சொல்ல முடியாது, வேறு வழியில்லை. அதனால் கோழி வெட்டுவதற்கு முன்பே, "அண்ணே, தோலோட வேணும், தொடை மட்டும் முழுசா, கீறல் போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். நம் கடைகளில் பழக்க தோஷத்தில் தொடையில் மூன்று கீறல் போட்டுவிடுவார்கள். மசாலா இறங்க அது நல்லது. நமக்கு அந்தக் கீறல் வழியாகச் சாறு வடிந்து சட்டி ஈரமாகும், தோலும் சுருங்கும்போது அங்கேதான் பிளந்துகொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் தண்ணீரில் அலசும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அலசிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தண்ணீரையும் சேர்த்து நீங்கள்தான் வெளியேற்ற வேண்டும் என்பது நினைவில் இருக்கட்டும். இன்னொன்று, தோலில் மஞ்சள் ஏறிவிட்டால் நிறத்தை வைத்துப் பதம் பார்ப்பது கடினம். பாதி வெந்ததிலேயே வெந்தது போல நிறம் காட்டும்.

இனி ஒரு சமையலை முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன். இரண்டு தொடை, எலும்போடு ஒவ்வொன்றும் 170 கிராம் போல. நான் எலும்பை எடுத்துவிடுவேன். இறைச்சிப் பக்கம் எலும்பின் நீளத்துக்குக் கத்தியால் ஒரு கோடு போட்டு, இருபுறமும் சுரண்டி விடுவித்தால் இரண்டு நிமிட வேலை. எலும்பு போனால் தொடை புத்தகம் போல விரிந்து தட்டையாகிவிடும். தோல் முழுவதும் சட்டியைத் தொட அதுவே பாதி வழி. எலும்பு எடுத்தபின் இரண்டும் சேர்ந்து 260 கிராம் அளவுக்கு நிற்கும்.

முதலில் சமையலறை டிஷ்யூவால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்தி ஒற்றினால் போதும். முதல் டிஷ்யூ நனைந்து கண்ணாடி போல ஆகும். இரண்டாவது பாதி நனையும். மூன்றாவது ஏறக்குறைய காய்ந்தே வர வேண்டும். பிறகு உப்பு. 260 கிராமுக்கு அரை டீஸ்பூன் தூள் உப்பில் சற்றுக் குறைவு, அதாவது இறைச்சி எடையில் நூற்றில் ஒரு பங்கு. அதில் பாதிக்கு மேல் இறைச்சிப் பக்கம், மீதி தோல் பக்கம்.

உப்புப் போடும் நேரத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். உப்பு முதலில் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல்மேல் முத்து முத்தாக நீர் நிற்கும். அதற்குப் பிறகு அந்த உப்புநீரில் ஒரு பகுதி மெல்ல உள்ளே திரும்பும், மீதி காற்றில் காயும். ஆகவே சமைக்க அரை மணி நேரம் முன் உப்புத் தடவி வைப்பது, தோல் ஈரத்தின் உச்சத்தில் இருக்கும்போது அதைச் சட்டியில் போடுவதாகும். முந்தின நாள் இரவே போடுங்கள். முடியவில்லை என்றால் சட்டியில் வைப்பதற்குச் சற்று முன் போடுங்கள். இடைப்பட்ட நேரம் மட்டும் வேண்டாம்.

உப்புப் போட்டதை ஒரு கம்பித் தட்டின்மேல், தோல் மேலே பார்த்தபடி வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கம்பித் தட்டு இல்லையா? துளையுள்ள இட்லித் தட்டைக் கவிழ்த்து, கீழே விளிம்பு வைத்த ஒரு தாம்பாளம் வைத்துக்கொள்ளலாம். மூடாமல் வைப்பதுதான் இதில் முக்கியம். ஃபிரிட்ஜ் காற்று ஏன் காய வைக்கிறது என்றால், உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய் காற்றிலுள்ள ஈரத்தைத் தன்மேல் படிய வைத்து எடுத்துவிடுகிறது. ஃபேன் வைத்த ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை ஒரு இரவில் நன்றாகக் காய வைக்கும். பனிக்கட்டி படியும் பழைய ஒற்றைக் கதவு வகையில் மெதுவாகத்தான் காயும், அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் கொடுங்கள். பச்சைக் கறி திறந்திருப்பதால் கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும். அதற்குக் கீழே பாலோ, காய்கறியோ, மாவோ இருக்கக் கூடாது. நீண்ட மின்வெட்டு வரும் நாளாக இருந்தால் இந்த முறையே வேண்டாம்.

காலையில் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். தோல் இறுகி, சற்று ஒளி ஊடுருவுவதுபோல மஞ்சளாக, எண்ணெய்த்தாள் போல இருக்கும். விரல் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். என் தராசில் 260 கிராம் 252 ஆக நின்றது. போன 8 கிராமும் தோலிலிருந்து மட்டும் போனதல்ல, ஆனால் அது தண்ணீர்தான். அவ்வளவு நீரைச் சட்டி ஆவியாக்க வேண்டிய வேலை குறைந்தது.

இப்போது சென்னைக்கே உரிய ஒரு விஷயம். வெளிநாட்டுச் செய்முறைகள் பலவற்றில், சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன் கறியை வெளியே எடுத்து வைத்து அறைச்சூட்டுக்கு வரவிடச் சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படியே செய்தேன். இரவு முழுக்கக் காய்ந்திருந்த தோல், வெளியே எடுத்த 10 நிமிடத்தில் வியர்த்தது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வெளியே எப்படி நனைகிறதோ அதேதான். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, வருடத்தில் பெரும்பாலான நாட்களில் 20 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கும் பொருளின்மீதுகூட நீர் படியத் தொடங்கிவிடும். 4 டிகிரியில் இருக்கும் கோழி அந்தக் காற்றில் நின்றால் நனையாமல் என்ன செய்யும்? கடற்காற்று வீசும் மாலையில் இன்னும் மோசம். அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் நேராகச் சட்டிக்குத்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் பச்சைக் கறியை ஒரு மணி நேரம் வெளியே வைப்பது உடம்புக்கும் நல்லதில்லை.

மசாலா பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். இஞ்சி பூண்டு விழுது, தயிர், மிளகாய்த்தூள் எதுவும் தோலில் படக் கூடாது. விழுதும் தயிரும் தண்ணீர். தூள் இந்த 15 நிமிடத்தில் கருகிக் கசந்துவிடும். இறைச்சிப் பக்கம் மட்டும் தடவுங்கள். விழுதாக இல்லாமல் தூளாகத் தடவினால் இன்னும் நல்லது. மிளகும் அங்கேதான். தோலுக்கு உப்பு மட்டும்.

சட்டி. உங்கள் இரும்பு வாணலி அடி தட்டையாக இருந்தால் அருமை. குழிவாக இருந்தால் இதற்கு உதவாது. நடுவில் கொழுப்புக் குளம் கட்டும், ஓரத்தில் தோல் தொடாது. இரும்பு தோசைக்கல் தட்டையாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் விளிம்பு இல்லாததால் இரண்டு தொடையிலிருந்து உருகும் ஒன்றரை முதல் 2 மேசைக்கரண்டி கொழுப்பு வழிந்து அடுப்பில் விழுந்து தீப்பிடிக்கும். தோசைக்கல்லில் கோழித்தோல் வேண்டவே வேண்டாம். விளிம்பு உள்ள, அடி தட்டையான, கனமான சட்டி எதுவானாலும் சரி. தீ குறைவு என்பதால் நான்ஸ்டிக்கிலும் செய்யலாம்.

சட்டியைச் சூடாக்காதீர்கள். குளிர்ந்த சட்டியில் அரை டீஸ்பூன் எண்ணெயைத் தடவி, தொடைகளைத் தோல் கீழே இருக்கும்படி வையுங்கள். விரலால் தோலின் ஓரங்களை நான்கு பக்கமும் இழுத்து விரியுங்கள். மடிந்த இடம் மடிந்தபடியே வேகும். பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள், சின்ன பர்னர், நடுத்தரத்துக்கும் கொஞ்சம் கீழே. குளிர்ந்த சட்டியில் தொடங்கினால் சூடு மெல்ல ஏறும். மேல்பரப்பு காய்ந்து மூடிக்கொள்வதற்கு முன்பே பின்னாலிருக்கும் கொழுப்பு உருகி வெளியே ஓட அவகாசம் கிடைக்கும். சூடான சட்டியில் போட்டால் அந்த அவகாசம் இல்லை.

இப்போது கனம். கொலாஜன் 60 டிகிரியைத் தாண்டும்போது சுருங்கும். தோலின் புரதம் பெரும்பாலும் கொலாஜன் என்பதால் இறைச்சியைவிட அதிகமாகச் சுருங்கி, தொடையை நடுவில் மேடாக்கி வளைத்துவிடும். ஓரம் மட்டும் சட்டியைத் தொடும், நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு வெளிறிய வட்டம் நிற்கும். மேலே வைக்கும் கனம் அந்த வளைவைத் தடுப்பதற்குத்தான். சாற்றைப் பிழிவதற்கு அல்ல. அதனால் மலை போல வைக்க வேண்டாம். இரண்டு தொடைக்கும் சேர்த்து ஒரு கிலோ அளவு போதும்.

என் வீட்டில் நான் வைப்பது பழைய அம்மிக்குழவிகளில் சின்னது. ஒரு சிறிய எவர்சில்வர் தட்டின் அடியில் அலுமினியத் தாளைச் சுற்றி, அதைத் தொடைமேல் வைத்து, அதன்மேல் குழவியைப் படுக்க வைப்பேன். இன்னொரு சின்ன இரும்புத் தவாவும் வைக்கலாம். தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தைச் சிலர் வைக்கிறார்கள், அதை வேண்டாம் என்பேன். சரிந்து சூடான கொழுப்பில் தண்ணீர் விழுந்தால் முகத்தில் தெறிக்கும். ஜார்ஜியா நாட்டில் தபாகா என்று முழுக் கோழியைப் பிளந்து, கனமான மூடியின் கீழ் அழுத்தி வறுக்கிறார்கள். இத்தாலியில் இதே வேலையைச் செங்கல் செய்கிறது. குழவி அந்த வரிசையில் கௌரவமாகவே சேரும்.

கனமாக வைக்கும் பொருள் சட்டியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதுதான் கனத்தின் அளவைவிட முக்கியம். சட்டி முழுவதையும் அடைத்துக்கொண்டால் அது மூடியாகிவிடும். ஆவி வெளியேற வழியின்றித் திரும்பத் தோலிலேயே படியும். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். தெறிப்புக்குப் பயந்து மூடி போடுவதும் இதே தவறு. மாவு சலிக்கும் இரும்புச் சல்லடையைக் கவிழ்த்து வையுங்கள். தெறிப்பு நிற்கும், ஆவி போகும்.

இனி காது வேலை. முதல் 2, 3 நிமிடம் சத்தமே இருக்காது. பதறித் தீயைக் கூட்ட வேண்டாம். பிறகு மெல்லச் சடசடக்கும். 5ஆவது நிமிடத்தில் ஓரத்தில் தெளிந்த கொழுப்பு கசிந்து வருவது தெரியும். கொழுப்பு தெளிவாக இருந்தால் தீ சரி. கலங்கலாகச் சாறோடு வந்தால் தீ சற்றுக் குறைவு. புகை வந்தால் கூடுதல். 8 முதல் 9 நிமிடத்தில் கனத்தை எடுத்துவிடுங்கள். அதற்குள் தோல் தட்டையாகவே இறுகிவிட்டிருக்கும், இனி வளையாது. இதற்குமேல் கனம் இருந்தால் ஆவிக்குத் தடைதான்.

கனத்தை எடுத்ததும் சட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். வீட்டு அடுப்பில் தீ ஒரே சீராக அடியில் படாது. தொடையைத் தூக்கிப் பார்க்க ஆசை வரும். சட்டியை லேசாக ஆட்டுங்கள். தொடை நகர்ந்தால் பார்க்கலாம், நகராவிட்டால் தோல் இன்னும் இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஈரமுள்ள புரதம்தான் உலோகத்தில் ஒட்டும். காய்ந்ததும் தானாக விடும். கரண்டியால் நெம்பினால் தோல் சட்டியோடு நின்றுவிடும், இறைச்சி உங்கள் கையோடு வரும்.

12 நிமிடத்துக்குப் பிறகு சலசலப்பு மெலியும். பெரிய குமிழிகள் போய்ச் சிறு நுரைபோல் ஆகும். முறுக்கில் கேட்ட அதே அடங்கல். 14, 15 நிமிடத்தில் திருப்புங்கள். ஒரே சீரான பொன்பழுப்பு, கரண்டியின் விளிம்பால் தட்டினால் ஓடு போலச் சத்தம். எங்காவது வெளிறிய இடம் இருந்தால் மீண்டும் கவிழ்த்து, அந்த இடத்தை மட்டும் கரண்டியால் 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சரியாகிவிட்டால் இறைச்சிப் பக்கம் 2, 3 நிமிடம் போதும், ஏனென்றால் கீழிருந்து வந்த சூட்டில் இறைச்சி முக்கால்வாசி வெந்திருக்கும். வெப்பமானி இருந்தால் நடுவில் 75 டிகிரியைத் தாண்ட வேண்டும். தொடைக்கறிக்கு 80 வரை போனால் இன்னும் மென்மை. எலும்போடு செய்தால் தோல் பக்கம் 18 முதல் 20 நிமிடம், மறுபக்கம் 8 நிமிடம் போல ஆகும். நெஞ்சுக்கறியை இப்படிச் செய்யாதீர்கள். தோல் ஆவதற்குள் அது சக்கையாகிவிடும்.

எடுத்தபின் பாழாவதும் அடிக்கடி நடக்கிறது. தோல் மேலே பார்த்தபடி அந்த இட்லித் தட்டிலேயே (கழுவித் துடைத்து) 4, 5 நிமிடம் வையுங்கள். ஹாட் பாக்ஸில் போடாதீர்கள், தட்டால் மூடாதீர்கள், தோலைக் கீழே வைக்காதீர்கள். சட்டியில் மிஞ்சிய கொழுப்பில் தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, நுணுக்கிய மிளகு போட்டு ஒரு நிமிடம் வதக்கி, தட்டில் முதலில் அதை ஊற்றி, அதன்மேல் தொடையை வையுங்கள். மேலே ஊற்றினால் 15 நிமிட வேலை 15 நொடியில் போய்விடும்.

இப்போது மீன். மீன்தோல் மெல்லியது, கொழுப்பும் கோழியைவிடக் குறைவு. உருக்கி எடுக்க அதிகம் இல்லை. அதற்கு எதிராக இன்னொன்று இருக்கிறது. மீனின் கொலாஜன் கோழியுடையதைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும், இறைச்சியும் சில நிமிடங்களில் வெந்துவிடும். குளிர்ந்த சட்டியில் தொடங்கினால் தோல் காயும் முன் மீன் உதிரும். அதனால்தான் மீனுக்குச் சூடான சட்டி.

எந்த மீன் என்பதும் முக்கியம். கொடுவாவும் சங்கராவும் இதற்கு ஏற்றவை. தோலுக்குத் தடிப்பு உண்டு. வஞ்சிரம் நம்மூரில் குறுக்கே துண்டு போட்டுத்தான் கிடைக்கும், அதில் தோல் என்பது ஓரத்தில் ஒரு நூல் மாதிரி. அதை மசாலா தடவி வறுப்பதே சரி. காசிமேட்டிலோ நொச்சிக்குப்பத்திலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ வாங்கும்போது, "அக்கா, செதில் நல்லா எடுத்துடுங்க, தோல் எடுக்காதீங்க, முள்ளு நீக்கி ரெண்டு பக்கமா பிளந்து குடுங்க" என்று சொல்லுங்கள். இரண்டு கிலோ அளவு கொடுவாவில் நடுப்பகுதி இரண்டு செ.மீ. தடிப்பு வரும், அதுதான் வேண்டியது.

வீட்டில் தோல்மேல் கத்தியின் முதுகை வைத்து, தலைப்பக்கத்திலிருந்து வால் வரை அழுத்தி இழுங்கள். காய்ந்ததுபோல் தெரிந்த தோலிலிருந்து சாம்பல் நிறத்தில் வழவழப்பான நீர் கத்தியோடு வரும். டிஷ்யூவில் துடைத்துவிட்டு மீண்டும் இழுங்கள். நாலைந்து முறையில் நின்றுவிடும். டிஷ்யூவால் மட்டும் ஒற்றினால் இந்த நீர் வராது, தோலுக்குள் இருப்பது அது. மீன் சட்டியில் ஒட்டிக் கிழிவது பெரும்பாலும் இதை விடுவதால்தான். ஃபிரிட்ஜில் மூடாமல் ஒரு மணி நேரம் வைத்தால் இன்னும் நல்லது. இரவு முழுக்க வேண்டாம். உப்பு கடைசி நொடியில்.

சட்டியைச் சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விடுங்கள். எண்ணெய் அலையலையாக மினுங்கி, முதல் இழைப் புகை எழும் தறுவாயில் மீனைத் தோல் கீழே இருக்கும்படி, உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து வையுங்கள். வைத்த நொடியே அது வில்லாக வளையப் பார்க்கும். தோசைத் திருப்பியின் தட்டையான பகுதியால் 15, 20 நொடி மெல்ல அழுத்திப் பிடியுங்கள். கை எடுத்தபின் வளையவில்லை என்றால் போதும். இதற்குக் குழவி வேண்டாம். மீனின் சதை அடுக்கடுக்காக இருப்பதால் கனம் தொடர்ந்து அழுத்தினால் அடுக்கு பிரிந்து சாறு வெளியே வரும், அந்தச் சாற்றில் தோல் ஊறும். மீனுக்குக் கனம் 20 நொடிதான்.

அழுத்தி முடித்ததும் தீயை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். இனி தொடாதீர்கள். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணாடி போலிருந்த சதை கீழிருந்து மேலாக வெள்ளையாகிக்கொண்டே வரும். அந்த வெள்ளைக் கோடு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறும்வரை காத்திருங்கள். இரண்டு செ.மீ. தடிப்புக்கு 5 நிமிடம் போல. தானாக நகர்ந்தால் திருப்பி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிடலாம். கோடு வேகமாக ஏறி, தோலோ இன்னும் வெளிறி இருந்தால் தீ குறைவு. கோடு பாதியிலேயே நிற்கும்போது ஓரத்தில் கருகல் வாடை வந்தால் கூடுதல்.

தோலில் அரிசி மாவு தூவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தூவினால் ஒட்டாது, மொறுமொறுப்பும் வரும். ஆனால் அது மாவின் மொறுமொறுப்பு, சாப்பிடும்போது வேறுபாடு தெரியும். அவசரத்துக்கு மீனில் செய்யலாம், கோழியில் கொழுப்பு உருகி மாவு ஊறிவிடும்.

முதல் முறை செய்யும்போது கோழித் தொடை ஒன்றை மட்டும் எடுத்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துச் செய்து பாருங்கள். உங்கள் சின்ன பர்னரில் சலசலப்பு எத்தனையாவது நிமிடத்தில் அடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்துக்கு முன்பே அடங்கினால் அடுத்த முறை தீயைக் கொஞ்சம் இறக்குங்கள், 18ஐத் தாண்டினால் கொஞ்சம் ஏற்றுங்கள்.